ஆலைக் கணக்கில் 630,000 ரிங்கிட் இடைவெளி: காரணத்தைப் பிரித்துச் சொல்வது எப்படி?

டிசம்பர் கணக்கை மூடும் வேளையில் செம்பனை எண்ணெய் ஆலையின் அலுவலகத்தில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் ஒவ்வொரு டன் குலைக்கும் ஒரு தொகையை மேற்செலவாக ஏற்றி வந்திருப்பார்கள். உண்மையில் செலவானது வேறொரு தொகையாக இருக்கும். இடையில் நிற்கும் வித்தியாசத்தைப் பார்த்ததும் கணக்கில் பிழை என்று கிராணி அஞ்சுகிறார். பணம் எங்கோ ஒழுகிவிட்டது என்று மேலாளர் ஐயப்படுகிறார். பெரும்பாலும் இரண்டும் உண்மையல்ல. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், சபாக் பெர்ணம் பக்கத்துத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் கணக்குப் பார்ப்பவர்களுக்காக, அந்த வித்தியாசம் ஏன் வருகிறது, அதை எப்படிப் பிரித்து விளக்குவது, ஆண்டு முடிவில் எங்கே சேர்ப்பது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டில் வரும் ஆலை கற்பனை. அதன் எண்கள் கணக்கு எளிதாக இருக்கும்படி அமைத்தவை.

வீதத்தை ஏன் முன்கூட்டியே வைக்கிறோம்?

ஆலையின் மேற்செலவு (ஒரு குறிப்பிட்ட குலை வண்டியோடு நேரடியாகச் சேர்த்துக் காட்ட முடியாத செலவு) இரண்டு வகைப்படும். கொதிகலனின் தேய்மானம், காப்புறுதி, நிரந்தர ஊழியர் சம்பளம் ஆகியவை குலை வந்தாலும் வராவிட்டாலும் நிற்கும் நிலைச் செலவுகள். டீசல், மசகு எண்ணெய், நீர்ச் சுத்திகரிப்பு இரசாயனம் ஆகியவை அரைக்கும் குலையோடு கூடிக் குறையும் மாறும் செலவுகள்.

நம் ஆலை மணிக்கு 30 டன் குலை அரைக்கக்கூடியது. 2025-ஆம் ஆண்டுக்கு அது 120,000 டன் அரைக்கும் என்று திட்டமிட்டார்கள். நிலைச் செலவு 4,800,000 ரிங்கிட், மாறும் செலவு 2,400,000 ரிங்கிட், மொத்தம் 7,200,000 ரிங்கிட். இதை 120,000 டன்னால் வகுத்தால் டன்னுக்கு 60 ரிங்கிட் வரும். அதில் 40 ரிங்கிட் நிலைச் செலவுக்கு, 20 ரிங்கிட் மாறும் செலவுக்கு. இந்த 60 ரிங்கிட்தான் முன்னரே தீர்மானித்த மேற்செலவு ஈர்ப்பு வீதம் (ஆண்டு தொடங்குமுன் மதிப்பீட்டிலிருந்து கணக்கிட்டு, ஆண்டு முழுவதும் ஒவ்வொரு டன் மீதும் ஏற்றும் தொகை).

மாதம் முடிந்ததும் உண்மைச் செலவை உண்மையான டன்னால் வகுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். செம்பனைக்கு அது ஒத்துவராது. தீபகற்பத்தில் பிப்ரவரி வாக்கில் காய்ப்பு குறையும், செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்குப் போகும். மாத நிலைச் செலவு 400,000 ரிங்கிட் என்று கொள்ளுங்கள். பிப்ரவரியில் 7,000 டன் மட்டும் வந்தால் டன்னுக்கு நிலைச் செலவு 57 ரிங்கிட்டைத் தாண்டும். செப்டம்பரில் 13,500 டன் வந்தால் அதே செலவு 30 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்கும். ஆலையும் ஆட்களும் மாறாதபோது டன்னுக்குரிய நிலைச் செலவு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகி மறுபடி பாதியாகும். அந்த எண்ணை நம்பி யாரும் முடிவெடுக்க முடியாது. ஆண்டு முழுவதற்கும் ஒரே வீதம் வைப்பது இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தத்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. வீதத்தில் இரண்டு ஊகங்கள் அடங்கியிருக்கின்றன: எவ்வளவு செலவாகும் என்பது ஒன்று, எவ்வளவு குலை அரைபடும் என்பது மற்றொன்று. இரண்டில் எது தவறினாலும் இடைவெளி வரும். குலைகளின் மேல் ஏற்றிய தொகை உண்மைச் செலவைவிடக் குறைந்தால் அது குறை ஈர்ப்பு. கூடினால் மிகை ஈர்ப்பு.

மாதாமாதம் எதைக் கவனிப்பது?

மேற்செலவுக் கட்டுப்பாட்டுக் கணக்கு (உண்மைச் செலவைப் பற்றிலும், ஏற்றிய தொகையை வரவிலும் எழுதும் பேரேட்டுக் கணக்கு) மாதந்தோறும் ஒரு மீதியைக் காட்டும். மேலே சொன்ன பிப்ரவரியில் நிலைச் செலவில் மட்டும் 120,000 ரிங்கிட் குறை ஈர்ப்பு தெரியும். செப்டம்பரில் 140,000 ரிங்கிட் மிகை ஈர்ப்பு தெரியும். இவை நோய்க்குறிகள் அல்ல, பருவத்தின் இயல்பு. ஆண்டின் தொடக்கத்திலேயே மாதவாரியாக எதிர்பார்க்கும் குலை எடையை வைத்து, மீதி எந்த மாதம் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். உண்மை மீதி அந்தப் பட்டியலைவிட்டுத் தொடர்ந்து மூன்று மாதம் ஒரே பக்கம் விலகினால் அப்போது காரணம் தேடுங்கள்.

காரணம் தேடுமுன், இடைவெளி உண்மையானதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் போலி இடைவெளிகள் மூன்று இடங்களில் பிறக்கின்றன. முதலாவது, எடைமேடைச் சீட்டுப்படி வந்த குலையை அரைத்த குலையாக எழுதிவிடுவது. மாதக் கடைசியில் தளத்தில் குவிந்து கிடக்கும் குலை அடுத்த மாதத்துக்குரியது. இரண்டாவது, வேலை முடிந்தும் பில் வராத செலவு. டிசம்பரில் கொதிகலன் பழுதுபார்த்த ஒப்பந்தக்காரரின் பில் ஜனவரியில் வந்தால், அந்தச் செலவை டிசம்பரிலேயே கொடுபடவேண்டியதாகப் பதிய வேண்டும். மூன்றாவது, ஆண்டின் நடுவில் வாங்கிய இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதாமல் விடுவது. இந்த மூன்றையும் சரிபார்த்த பிறகு எஞ்சுவதுதான் விளக்க வேண்டிய தொகை.

ஆண்டு முடிவு: 630,000 ரிங்கிட் எங்கிருந்து வந்தது?

நம் ஆலை 2025-இல் 120,000 டன்னுக்குப் பதில் 108,000 டன் அரைத்தது. உண்மை மேற்செலவு 7,110,000 ரிங்கிட். ஏற்றிய தொகை 108,000 × 60 = 6,480,000 ரிங்கிட். குறை ஈர்ப்பு 630,000 ரிங்கிட்.

மதிப்பீடு 7,200,000, செலவானது 7,110,000, ஆகவே 90,000 மிச்சம் பிடித்திருக்கிறோம் என்று மேலாளர் சொல்லக்கூடும். 630,000 ரிங்கிட் அதிகம் செலவழித்துவிட்டோம் என்று தலைமை அலுவலகம் சொல்லக்கூடும். இரண்டுமே தவறு. சரியான விளக்கத்துக்கு இடையில் ஓர் எண் தேவை: 108,000 டன் அரைத்தால் எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும்?

நிலைச் செலவு 4,800,000 மாறாது. மாறும் செலவு 108,000 × 20 = 2,160,000. ஆக 6,960,000 ரிங்கிட் செலவாகியிருக்க வேண்டும். இந்த எண்ணை நடுவில் வைத்ததும் இடைவெளி இரண்டாகப் பிரிகிறது. செலவானது 7,110,000, செலவாகியிருக்க வேண்டியது 6,960,000. 150,000 ரிங்கிட் செலவு மாறுபாடு (உண்மையிலேயே கூடுதலாகச் செலவழித்தது). எஞ்சிய 480,000 ரிங்கிட் அளவு மாறுபாடு (ஆலை போதிய குலை அரைக்காததால் ஏற்றப்படாமல் நின்ற நிலைச் செலவு). குறைந்த 12,000 டன்னை 40 ரிங்கிட்டால் பெருக்கினாலும் அதே 480,000 வரும். இரு வழியில் ஒரே விடை வருவதே கணக்கு சரி என்பதற்குச் சான்று.

இனி ஒவ்வொன்றுக்கும் ஆலையின் பதிவேடுகளிலிருந்து காரணம் எடுக்க வேண்டும். 12,000 டன் எப்படிக் குறைந்தது? கொதிகலன் பதிவேட்டைப் பார்த்தால், காய்ப்பு உச்சத்தில் இருந்த மாதத்தில் குழாய் வெடித்து மூன்று வாரம் ஆலை நின்றது தெரிகிறது. அந்த நாட்களில் சிறுதோட்டக்காரர்கள் குலையைப் பக்கத்து ஆலைக்குக் கொண்டுபோனார்கள். அறுத்த குலை காத்திருந்தால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும், அவர்களால் பொறுத்திருக்க முடியாது. எடைமேடைப் பதிவுப்படி இழப்பு 7,000 டன்.

மீதி 5,000 டன் வேறு கதை. ஆலையின் சொந்தத் தோட்டத்தில் 250 ஹெக்டேர் மறுநடவுக்காக வெட்டப்பட்டிருந்தது. ஹெக்டேருக்கு 20 டன் என்று வைத்தால் 5,000 டன். மதிப்பீடு எழுதியவர் அந்தப் பரப்பையும் காய்ப்பில் சேர்த்தே கணக்கிட்டிருந்தார். இதற்கு மழையையோ இயந்திரத்தையோ குறைசொல்ல முடியாது. 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டதிலிருந்து, இவ்வட்டாரம் பல தலைமுறை மரங்களைக் கண்டுவிட்டது. சுமார் 25 ஆண்டு கழித்து மரத்தை வெட்டுவதும், புதுக்கன்று குலை தள்ள ஏறக்குறைய மூன்றாண்டு ஆவதும் யாவரும் அறிந்ததே. ஆகவே இந்த 5,000 டன், அதாவது 200,000 ரிங்கிட், மதிப்பீட்டுப் பிழை. ஆலை நின்றதால் வந்தது 280,000 ரிங்கிட். இந்த இரண்டையும் ஒரே வரியில் "குலை வரத்துக் குறைவு" என்று எழுதினால், உண்மையில் திருத்த வேண்டியது எது என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

செலவு மாறுபாடான 150,000 ரிங்கிட்டில் பாதி, அதாவது 75,000, நிலைச் செலவில் வந்தது. மதிப்பீடு 2024 செப்டம்பரில் எழுதி முடிந்தது. அதன்பின் அக்டோபர் 18-இல் தாக்கலான தேசிய வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்தபட்ச சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயரும் என்று அறிவிக்கப்பட்டு, 2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. பழைய அளவில் சம்பளம் வாங்கிய 30 மலேசியத் தொழிலாளர்களுக்கு 200 ரிங்கிட் வீதம் 11 மாதத்துக்கு 66,000 ரிங்கிட். அதன்மேல் முதலாளி செலுத்தும் 13 விழுக்காடு ஊழியர் சேமநிதிச் சந்தா 8,580 ரிங்கிட். இடைவெளியின் இந்தப் பகுதி ஏறக்குறைய முழுவதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. இது யாருடைய ஊதாரித்தனமும் அல்ல.

மற்றப் பாதியான 75,000 மாறும் செலவில் வந்தது. சாமான் கிடங்கின் டீசல் அட்டையைப் பார்த்தால் காரணம் புரியும். வழக்கமான ஓட்டத்தில் ஆலை நாரையும் ஓட்டையும் எரித்து நீராவியும் மின்சாரமும் தானே எடுத்துக்கொள்கிறது. ஆலை நின்று நின்று கிளம்பும்போது டீசல் மின்னாக்கியை ஓட்ட வேண்டியிருக்கிறது. பழுதுபார்க்கும் நாட்களிலும் அதற்குப் பிந்திய சோதனை ஓட்டங்களிலும்தான் இந்த டீசல் போயிற்று. ஆகவே கொதிகலன் பழுதின் உண்மை விலை 280,000 அல்ல, 355,000 ரிங்கிட். இந்த எண்தான் அடுத்த ஆண்டு கொதிகலன் குழாய் மாற்றுவதற்குப் பணம் கேட்கும்போது மேலாளருக்குக் கைகொடுக்கும்.

எங்கே சேர்ப்பது?

இலாப நட்டக் கணக்கில் எழுதுவதா, கையிருப்பில் உள்ள எண்ணெயின் மதிப்பில் ஒரு பங்கைச் சேர்ப்பதா என்பதே அடுத்த கேள்வி. மலேசியக் கணக்கியல் தரமான எம்எஃப்ஆர்எஸ் 102 இதில் தெளிவாக இருக்கிறது. நிலையான உற்பத்தி மேற்செலவை இயல்பான கொள்திறன் (சாதாரணச் சூழலில், பல பருவங்களின் சராசரியாக எட்டக்கூடிய உற்பத்தி அளவு) அடிப்படையில்தான் பொருளின்மேல் ஏற்ற வேண்டும். உற்பத்தி குறைந்தது என்பதற்காகவோ ஆலை சும்மா நின்றது என்பதற்காகவோ ஒரு டன்னின்மேல் கூடுதல் நிலைச் செலவைச் சுமத்தக்கூடாது. ஏற்றப்படாமல் நின்றது அந்த ஆண்டின் செலவாகவே போக வேண்டும்.

நம் ஆலைக்கு 120,000 டன் இயல்பான கொள்திறன் என்றால், 480,000 ரிங்கிட் முழுவதும் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். பழுதால் போன டீசல் 75,000 ரிங்கிட்டும் அசாதாரண இழப்பு என்பதால் அங்கேதான் சேரும். சம்பள உயர்வு 75,000 ரிங்கிட் மட்டும் உற்பத்தியின் நியாயமான அடக்கச் செலவு. அதைக் கையிருப்புக்கும் விற்ற எண்ணெய்க்கும் பங்கிடலாம்.

ஆண்டு முடிவில் தொட்டியில் 900 டன் எண்ணெய் இருந்தது. எண்ணெய்ப் பிழிவு விகிதம் 20 விழுக்காடு என்றால் அது 4,500 டன் குலையிலிருந்து வந்தது. எளிமைக்காகப் பருப்பை விட்டுவிடுகிறேன். 108,000 டன்னில் 4,500 டன்னின் பங்கு 3,125 ரிங்கிட். இத்தனை சிறிய தொகைக்காகக் கையிருப்பு மதிப்பைத் திருத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. தணிக்கையாளரிடம் காட்டிவிட்டு, 630,000 ரிங்கிட் முழுவதையும் விற்பனை அடக்கச் செலவில் பற்று எழுதி, கட்டுப்பாட்டுக் கணக்கை வரவெழுதி மூடிவிடலாம். மாறாக 630,000 ரிங்கிட் முழுவதையும் பங்கிட்டால் கையிருப்பின்மேல் 26,250 ரிங்கிட் ஏறும். அதில் 23,125 ரிங்கிட் ஆலை நின்றதன் நட்டமும் மதிப்பீட்டுப் பிழையும் எண்ணெய்த் தொட்டிக்குள் ஒளிந்துகொண்டதாக இருக்கும்.

மிகை ஈர்ப்பு வந்தாலும் இதே ஒழுங்குதான். 132,000 டன் அரைத்து, செலவு அந்த அளவுக்குரியபடியே 7,440,000 ரிங்கிட் ஆகியிருந்தால், ஏற்றியது 7,920,000, மிகை ஈர்ப்பு 480,000 ரிங்கிட். இதை இலாபம் என்று கொண்டாட வேண்டாம். எண்ணெயின்மேல் நாம் அதிகம் ஏற்றிவிட்டதை இப்போது திருத்துகிறோம், அவ்வளவுதான். உற்பத்தி அசாதாரணமாகக் கூடிய ஆண்டில், டன்னுக்குரிய நிலைச் செலவை 40-இலிருந்து 36.36 ரிங்கிட்டாகக் குறைத்தே கையிருப்பை மதிப்பிட வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் அதன் உண்மை அடக்கத்தைவிட உயர்ந்த விலையில் ஏட்டில் நிற்கும். இன்னொன்றையும் பாருங்கள்: மிகை ஈர்ப்பு குலை கூடியதால் வந்ததா, பராமரிப்பைத் தள்ளிப்போட்டதால் வந்ததா? இரண்டாவதென்றால் அது அடுத்த ஆண்டு கொதிகலன் பழுதாகத் திரும்பி வரும்.

செய்யக்கூடாத குறுக்குவழிகள்

இடைவெளியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆண்டுக்குள் மாதத்திலிருந்து மாதத்துக்குக் கொண்டுபோவது பருவத்துக்காகச் செய்வது. டிசம்பர் 31-ஐத் தாண்டினால் அது ஓர் ஆண்டின் நட்டத்தை அடுத்த ஆண்டின் தலையில் கட்டுவது.

இந்த ஆண்டின் உண்மைச் செலவை உண்மை டன்னால் வகுத்து, அதையே அடுத்த ஆண்டு வீதமாக வைக்காதீர்கள். நம் ஆலையில் அப்படிச் செய்தால் 65.83 ரிங்கிட் வரும். கொதிகலன் பழுதை நிரந்தரமாக்கி விலைக்குள் வைத்ததாக ஆகும். வெளிக்குலைக்கு விலை கணிக்கும்போது ஆலைச் செலவைக் கழிக்கிறோம். வீதம் ஏறினால் சிறுதோட்டக்காரருக்குக் கிடைக்கும் விலை இறங்கும், குலை பக்கத்து ஆலைக்குப் போகும், அடுத்த ஆண்டு டன்னுக்குச் செலவு மேலும் ஏறும். ஒரு மோசமான ஆண்டை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு நாட்டளவிலும் எடுத்துக்காட்டு உண்டு: எல் நினோ வறட்சிக்குப் பின் நாட்டின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015-இன் 19.96 மில்லியன் டன்னிலிருந்து 2016-இல் 17.32 மில்லியன் டன்னாகச் சரிந்தது, 2017-இல் 19.92 மில்லியனுக்குத் திரும்பியது. 2016-ஐ மட்டும் பார்த்து 2017-க்கு வீதம் வைத்திருந்தால் அது தேவைக்கு மேல் உயர்ந்திருக்கும். ஆகவே குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து ஆண்டுச் சராசரியை எடுத்து, அதில் மறுநடவுக்காக வெட்டிய பரப்பைக் கழித்து, சம்பள உயர்வு போன்ற நிரந்தர மாற்றங்களைச் சேர்த்து வீதம் வையுங்கள்.

மீதியைச் "சில்லறைச் செலவு" என்ற தலைப்பில் மறைக்கவும் வேண்டாம். மேலாளருக்கு ஒரே பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: கொதிகலன் பழுது 355,000, மறுநடவைக் கழிக்க மறந்த மதிப்பீட்டுப் பிழை 200,000, சம்பள உயர்வு 75,000, மொத்தம் 630,000 ரிங்கிட். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரமான பதிவேட்டின் பெயரை எழுதுங்கள். முதல் வரி பொறியாளருக்குரியது, இரண்டாவது மதிப்பீடு எழுதுபவருக்குரியது, மூன்றாவது அடுத்த ஆண்டு வீதத்துக்குரியது. அந்தப் பக்கத்தை ஜனவரி முடிவதற்குள் மேலாளரின் மேசையில் வையுங்கள்.